வார்டில் விட்ட நாளுக்குத் தள்ளுபடி இல்லை

நர்சிங் கல்லூரி அறிவிப்புப் பலகையில் முதல்வரின் சுற்றறிக்கை ஒட்டப்பட்டதும் மாணவிகள் முதலில் தேடுவது தங்கள் குழு எண்ணைத்தான். எந்தக் குழு மருத்துவ வார்டு, எது பிரசவ அறை, எது குழந்தைகள் வார்டு, எந்தத் தேதியில் மாற்றம் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்கும்.

ஆனால் பலரைச் சிக்கவைப்பது அதற்குக் கீழே உள்ள வருகை விதி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுத 80 சதவீத வருகை போதும். பட்டம் பெறவோ ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் 100 சதவீதம் வேண்டும். பிரசவ அறைப் பணியின்போது காய்ச்சலால் ஒரு மாணவி நான்கு நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 32 மணி நேரம் பாக்கி. மருத்துவச் சான்றிதழ் காரணத்தைத்தான் சொல்லும், பாக்கியைக் கழிக்காது. அறுவை வார்டில் கூடுதலாக நின்றும் ஈடுகட்ட முடியாது. பிரசவ அறையிலேயே அதை முடித்தாக வேண்டும்.

உடை விதிகளும் வெறும் கண்டிப்பு அல்ல. வளையல், மோதிரம், நீள நகம் ஆகியவற்றின் அடியில் கிருமி தங்கும். கை கழுவினாலும் முழுதாகப் போகாது. நாடித்துடிப்பை எண்ண விநாடி முள் உள்ள கடிகாரம் தேவை, அதைச் சட்டையில் குத்திக்கொள்வது நல்லது.

விடுப்பு எடுத்த மாணவிகள், ஈடு செய்த நாள்களை அந்தந்த வாரமே பதிவேட்டில் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.