‘எனக்குப் பசிக்கிறது’: எழுவாய் எங்கே?

‘நான் சாப்பிட்டேன்’ என்பதில் எழுவாய் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எது? ‘நான்’ அங்கே இல்லை. ‘கு’ உருபேற்ற ‘எனக்கு’தான் இருக்கிறது. பள்ளி இலக்கணப்படி எழுவாய் முதல் வேற்றுமையில், உருபு ஏற்காமல் நிற்க வேண்டும். வினைமுற்றும் கைகொடுப்பதில்லை. எனக்கு, உனக்கு, அவர்களுக்கு என்று யாருக்குப் பசித்தாலும் ‘பசிக்கிறது’தான்.

‘பசி’தான் மறைந்து நிற்கும் எழுவாய் என்று சிலர் சொல்லக்கூடும். சரி, ‘குமாருக்கு மாலாவைத் தெரியும்’ என்பதை எடுத்துக்கொள்வோம். குமார் ‘கு’ ஏற்றிருக்கிறான், மாலா ‘ஐ’ ஏற்றிருக்கிறாள். உருபில்லாத பெயர் ஒன்றுகூட இல்லை. தெரியும், பிடிக்கும், புரியும் போன்ற அன்றாடச் சொற்களெல்லாம் இப்படித்தான் வாக்கியம் அமைக்கின்றன. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் வரும் இந்த அமைப்பு இந்தி, தெலுங்கு, கன்னடம் என்று இந்திய மொழிகள் பலவற்றிலும் உண்டு. மனீந்திர வர்மாவும் கே.பி. மோகனனும் 1990இல் தொகுத்த ஆய்வு நூல் முழுவதும் இதைப் பற்றியதே.

எழுவாய் என்பது ஒற்றைக் குணம் அல்ல, பல குணங்களின் தொகுப்பு என்று எட்வர்ட் கீனன் 1976இல் வாதிட்டார். வேற்றுமை உருபு, வினையோடு திணை பால் ஒத்துப்போவது ஆகியவை வெளித்தோற்றம். வாக்கியத்தின் மற்ற சொற்கள் எந்தப் பெயரை நோக்கித் திரும்புகின்றன என்பது நடத்தை. தோற்றத்தில் குமார் தோற்றுவிட்டான். நடத்தையில் எப்படி என்று பார்க்கலாம்.

‘தன்’ என்ற சொல் நல்ல உரைகல். ‘குமார் மாலாவுக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தான்’ என்றால் புத்தகம் குமாருடையது. மாலாவும் ‘கு’ ஏற்றுத்தான் நிற்கிறாள், ஆனால் ‘தன்’ அவளைச் சுட்டவில்லை. எழுவாயையே தேடிப் போகிறது. இப்போது ‘மாலாவுக்குத் தன் தங்கையைப் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். யாருடைய தங்கை? மாலாவுடைய தங்கைதான். அதே உருபு, அதே மாலா. முதல் வாக்கியத்தில் அவளைத் தாண்டிப் போன ‘தன்’, இங்கே அவளிடமே வந்து சேர்கிறது. இந்தச் சோதனையைப் படர்க்கையில்தான் செய்ய முடியும், ‘எனக்குத் தன் தங்கை’ என்று சொல்ல முடியாதல்லவா! வாக்கியமும் சிறியதாக இருக்க வேண்டும். ‘என்று சொன்னான்’ போன்ற வாக்கியங்களில் ‘தன்’ வெளியே இருக்கும் ஆளையும் சுட்டிவிடும்.

இரண்டாவது உரைகல் வினையெச்சம். ‘கடிதத்தைப் படித்துவிட்டுக் குமார் மாலாவுக்குப் பதில் எழுதினான்.’ படித்தது குமார். அதை மாலா படித்ததாகக் கொள்ள வழியே இல்லை. ‘கடிதத்தைப் படித்துவிட்டு மாலாவுக்குக் கோபம் வந்தது.’ இப்போது படித்தது மாலா. எச்சமும் முற்றும் ஒரே எழுவாயைக் கொள்ளும் என்ற வழக்கம், ‘மாலாவுக்கு’ என்பதை எழுவாயாகவே ஏற்றுக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. இலக்கணமே படிக்காதவரும் இந்த வேறுபாட்டைத் தயங்காமல் உணர்வார்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோம்; பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணமும் விளைவுமாக வரும்போது, அதிலும் யாரும் விரும்பிச் செய்யாத நிகழ்ச்சிகளில், எழுவாய் மாறலாம். ஆகவே சோதிக்கும்போது, படிப்பது போல ஓர் ஆள் வேண்டுமென்றே செய்யும் வினையையே எச்சமாக வைக்க வேண்டும். ‘படித்ததும்’ என்று வைத்தால் பயனில்லை. ‘குமார் படித்ததும் மாலாவுக்குக் கோபம் வந்தது’ என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த வடிவம் ஒரே எழுவாயைக் கேட்பதே இல்லை. சொல்வரிசையையும் நம்ப முடியாது. தமிழில் எந்தப் பெயரையும் முன்னால் கொண்டுவந்து வைக்கலாம்.

இன்னும் சில சோதனைகளில் ‘மாலாவுக்கு’ தேறாது. ‘சாப்பிடு’ என்று ஏவலாம், ‘உனக்குப் பசி எடு’ என்று ஏவ முடியாது. ‘மாலா கணக்கைத் தெரிய முயன்றாள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘தெரிந்துகொள்ள முயன்றாள்’ என்போம். ‘கொள்’ சேர்ந்தவுடன் உணர்பவர் ‘கு’வைக் கழற்றிவிட்டு ‘மாலா தெரிந்துகொண்டாள்’ என்று முதல் வேற்றுமைக்குத் திரும்பிவிடுகிறார். இந்தத் தோல்விகளை வைத்து எழுவாய்த் தகுதியை மறுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஏவலும் முயற்சியும் நம் விருப்பத்துக்கு உட்பட்ட செயலைக் கேட்பவை. பசியும் கோபமும் நாமாகச் செய்பவை அல்ல, நம்மிடம் வருபவை. இங்கே தடையாக நிற்பது வினையின் பொருள், வாக்கியத்தில் பெயருக்குள்ள இடம் அல்ல.

உண்மையிலேயே சிக்கலானது ‘மாலாவுக்கு ஒரு மகன் இருக்கிறான்’ என்பது. இங்கே வினைமுற்று மகனோடு ஒத்துப்போகிறது. மகனுக்கு உருபும் இல்லை. ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ வாக்கியங்களில் மாலாவுக்குப் போட்டியே இல்லை. உடைமையைச் சொல்லும் இந்த வாக்கியத்தில் எழுவாயின் தோற்றம் முழுவதும் மகனிடம் போய்விடுகிறது. ஆகவே ‘கு’ ஏற்று முன்னால் நிற்கும் எல்லாப் பெயரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட முடியாது. ஒவ்வொரு வினையையும் தனித்தனியே சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.