நர்ஸ் வேலைக்கு எதற்கு கம்ப்யூட்டர் புரோகிராமிங்?

2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்ச்சர் நிறுவனமும் சேர்ந்து, வேலை கிடைக்காமல் ஒதுங்கி நிற்பவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அப்போது பேசப்பட்ட ஓர் உதாரணம் வேதனையானது. நோயாளியின் விவரங்களைக் கணினியில் பதிவு செய்யத் தெரிந்த நர்ஸ்தான் மருத்துவமனைக்குத் தேவை. ஆனால் சல்லடையில் போட்ட சொல், 'கம்ப்யூட்டர் புரோகிராமிங்'. அந்தச் சொல் ரெஸ்யூமேயில் இல்லாத நல்ல நர்ஸ்கள் எல்லோரும் வெளியே போனார்கள்.

விதிப்படி இயங்கும் வடிகட்டி அப்படித்தான். கேட்ட சொல் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே பார்க்கும். "நோயாளி விவரங்களைத் தினமும் கணினியில் ஏற்றினேன்" என்று எழுதியவரும், கணினியைத் தொடாதவரும் அதற்கு ஒன்றுதான்.

பொருளைப் பார்க்கும் மாடல் வேறு வழியில் போகிறது. அது ஒவ்வொரு வாசகத்தையும் நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. பரவலாகப் புழங்கும் all-MiniLM-L6-v2 என்ற சிறிய மாடலில் அந்த வரிசையில் 384 எண்கள். பொருள் நெருங்கிய வாசகங்களின் எண்வரிசைகளும் நெருங்கி அமையும். ஆகவே விளம்பரம் 'டேட்டா என்ட்ரி' என்று கேட்க, நர்ஸ் அந்தச் சொல்லைத் தொடாமல் செய்த வேலையை விவரித்திருந்தாலும் நல்ல மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு. விளம்பரமே 'புரோகிராமிங்' என்று தவறாகக் கேட்டால், இந்த மாடலும் அந்தத் தவறின் பக்கமே சாயும்.

இதற்கென்று சில பலவீனங்களும் உண்டு. "ஐசியூ அனுபவம் உண்டு", "ஐசியூ அனுபவம் இல்லை" என்ற இரண்டையும் இது பல நேரம் அருகருகே வைத்துவிடும். சுருக்கெழுத்திலும் தடுமாறலாம். 'பிஎல்எஸ்' என்பது நர்ஸுக்கு பேசிக் லைஃப் சப்போர்ட் சான்றிதழ். அமெரிக்க அரசில் அதே எழுத்துகள் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையைக் குறிக்கும். மேலே சொன்ன சிறிய மாடல், இயல்பான அமைப்பில், சொல்துண்டுகளாக 256-க்கு மேல் வருவதை வெட்டிவிடும். ரெஸ்யூமேயைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் இரண்டாம் பக்கம் கணக்கிலேயே வராது.

விண்ணப்பம் எந்த வகைச் சல்லடையில் விழும் என்பது வெளியிலிருந்து தெரியாது. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே 'கணினித் திறன்' என்று தனிச் சொல்லாக விடாமல், "ஐசியூவில் நோயாளி விவரங்களை எலக்ட்ரானிக் ஹெல்த் ரெக்கார்டில் பதிவு செய்தேன் (டேட்டா என்ட்ரி)" என்று முழு வாக்கியமாக எழுதுவது நல்லது. விதி தேடும் சொல்லும், மாடல் தேடும் பொருளும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. சான்றிதழின் முழுப்பெயரையும் சுருக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். முக்கியமான பணி அனுபவம் முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே இருக்கட்டும்.

நர்சிங் பதிவு இருக்கிறதா என்ற ஆம்-இல்லை கேள்வியில் மட்டும் எந்த வாக்கியமும் உதவாது. அங்கே இன்னும் விதிதான் முடிவு செய்கிறது.