இணையம் அறுந்த நாட்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா?

வீட்டு இணையம் பத்து நாள் படுத்துவிட்டு எழுந்தாலும் மாத பில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வந்து சேர்கிறது. கஸ்டமர் கேரை அழைத்தால், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பார்கள். வருத்தத்தோடு நின்றுவிட வேண்டிய விஷயமில்லை இது. இணைப்பு அறுந்துகிடந்த நாட்களுக்கு வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 2006-லேயே பிராட்பேண்டுக்கு எழுதப்பட்டது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிமுறைகளும், பழுது 3 நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஈடு உண்டு என்கின்றன. மாத பில் கட்டுபவருக்கு வாடகைக் கழிவு, முன்பணம் கட்டியவருக்கு வேலிடிட்டி நீட்டிப்பு.

இந்தக் கழிவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாது. 2006 விதி அதைப் படிப்படியாக வகுத்தது. பழுது 3 வேலை நாளுக்கு மேல் நீடித்து 7 நாளுக்குள் சரியானால் 7 நாள் வாடகை. 7-க்கு மேல் 15-க்குள் என்றால் 15 நாள் வாடகை. 15-ஐயும் தாண்டினால் ஒரு மாத வாடகை முழுவதும். இணையம் இல்லாத நாட்களை மட்டும் எண்ணிக் கழிக்கும் முறை அல்ல இது. தாமதத்துக்கான தண்டமும் இதற்குள் இருக்கிறது.

ஓர் உதாரணம். மாத வாடகை 799 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் இணைப்பு போகிறது, அன்றே புகார் பதிவாகிறது. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சரியாகிறது. இடைப்பட்டது 11 நாள். சனி, ஞாயிறைக் கழித்தாலும் 7 வேலை நாளைத் தாண்டிவிடுகிறது. கேட்டால் கஸ்டமர் கேரில், "பதினொரு நாளுக்குக் கழித்துவிடுகிறோம்" என்று சொல்லக்கூடும். அது சுமார் 293 ரூபாய். படிநிலைப்படி வர வேண்டியதோ 15 நாள் வாடகையான 399 ரூபாய் 50 காசு. வாடகை குறையும்போது அதன்மீதான வரியும் குறைய வேண்டும் என்பதால் இன்னும் 71 ரூபாய் 91 காசு. மொத்தம் 471 ரூபாய் 41 காசு. கழிவு கேட்கும் கடிதத்தில் இந்தத் தொகையைக் கணக்கோடு எழுதிவிடுங்கள். தொகை எழுதாத கோரிக்கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மன்னிப்புச் செய்திதான்.

இதில் எல்லாமே ஒரு புள்ளியில்தான் தொங்குகிறது: புகார் எப்போது பதிவானது? இணைப்பு போன நேரத்தை நிறுவனம் எண்ணாது, புகார் எண் கொடுத்த நேரத்திலிருந்துதான் எண்ணும். நம் ஊர்களில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தெருவுக்கு ஃபைபர் இழுத்த உள்ளூர் கேபிள்காரரையோ லைன்மேனையோ அழைத்து, "அண்ணே, நெட் வரல" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஓடிவந்து சரிசெய்பவராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி விதியின் கண்ணில் புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் எண்ணையோ செயலியையோ பயன்படுத்திப் பதிவுசெய்து, குறுஞ்செய்தியில் வரும் புகார் எண்ணை வைத்துக்கொண்ட பிறகு லைன்மேனை அழையுங்கள்.

அடுத்த பள்ளம், யாரும் வராமலே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று வரும் செய்தி. நீங்கள் புதிதாக ஒரு புகார் கொடுத்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். ஆகவே பழைய எண்ணையே மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால், புதிய புகாரின் முதல் வரியிலேயே பழைய எண்ணைக் குறிப்பிட்டு, பழுது சரியாகாமலே அது மூடப்பட்டது என்று எழுதுங்கள். ஃபைபர் பெட்டியில் 'LOS' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வீட்டுக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். தேதி, நேரம் தெரிய அதைத் தினமும் ஒரு படம் எடுத்துவைத்தால், பழுது உங்கள் ரூட்டரில்தான் என்று பிறகு வாதிடுவது கடினம். புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போன இணைப்புக்கு மட்டும் விதியில் விலக்கு உண்டு. கேபிளை யாரோ தோண்டி அறுத்துவிட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

வேகக் குறைவு வேறு வகை வழக்கு. இணைப்பு அறுந்ததற்கு இருப்பதுபோல, இத்தனை எம்பிபிஎஸ் குறைந்தால் இத்தனை ரூபாய் என்ற எளிய படிநிலை இதற்குக் கிடையாது. எனவே இரண்டையும் ஒரே புகாரில் குழைத்துவிடக் கூடாது. குழைத்தால், "மெதுவாகவாவது வந்ததே, அறுந்ததாக எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நல்ல கோரிக்கையும் கெட்டுப்போகும்.

வேகத்துக்குச் சான்றுதான் எல்லாம். வைஃபையில் அளந்த எண்ணை எந்த நிறுவனமும் ஏற்காது, அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு சுவர் தாண்டிய அறையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 200 எம்பிபிஎஸ் திட்டம் 40 காட்டுவது சாதாரணம். மடிக்கணினியை லேன் கேபிளில் நேரடியாகப் பெட்டியோடு இணைத்து, மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். கேபிளும் கணினியின் போர்ட்டும் பழையவையாக இருந்தால் 100-க்கு மேல் போகவே போகாது. அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். காலை, பிற்பகல், இரவு 9 மணி என்று ஒரு வாரம் அளந்து, தேதியும் சர்வர் பெயரும் தெரிய திரைப்படம் பிடித்துவையுங்கள். காலையில் 190, இரவில் மட்டும் 25 என்றால் பழுது உங்கள் வீட்டில் இல்லை. ஒரே ஃபைபர் தடம் பல வீடுகளுக்குப் பிரிகிறது. மாலையில் எல்லோரும் படம் பார்க்கும்போது அந்தத் தடமோ, அதற்கு மேலுள்ள இணைப்போ போதாமல் போகிறது. எந்நேரமும் குறைவு என்றால் ஃபைபர் மடங்கியிருக்கலாம், இணைப்புமுனையில் அழுக்கு இருக்கலாம். லைன்மேனிடம் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் மட்டும் குறைகிறது என்றால், திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வரம்புக்குப் பிறகான வேகம் திட்டத்திலேயே சொல்லப்பட்டிருந்தால் கேட்பதற்கு வழியில்லை.

புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரைத் தானே விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. இதற்கிடையில் பில்லைக் கட்டாமல் நிறுத்துவதும் உதவாது. நிலுவையைக் காட்டி இணைப்பைத் துண்டித்தால் பேச்சு திசைமாறிவிடும். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. வேகக் குறைவுக்கு உண்மையான தீர்வு கிடைக்கக்கூடிய இடம் ஆணையம்தான். தொலைபேசி, இணைய வழக்குகள் அங்கே வரக் கூடாது என்று நிறுவனங்கள் பல ஆண்டுகள் வாதிட்டன. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. புகார் எண்கள், குறுஞ்செய்திகள், அளவீட்டுப் படங்கள், பில், மேல்முறையீட்டுக்கு வந்த பதில் ஆகியவற்றை இணைத்து, குறை நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.