போயிங் 737இன் எஞ்சின் ஏன் பருத்துக்கொண்டே போனது?

1967இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 737இன் படத்தையும் இன்றைய 737 மேக்ஸின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கும் உடலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. எஞ்சின்தான் ஆளே மாறிப் போயிருக்கிறது. முதல் விமானத்தில் அது இறக்கையின் அடியில் ஒட்டிக் கிடந்த ஒல்லியான உருளை. அதன் விசிறியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மீட்டர். மேக்ஸில் அந்த அளவு 1.76 மீட்டர், எஞ்சினும் இறக்கையைத் தாண்டி முன்னே துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்படிப் பருத்ததற்கு முக்கியக் காரணம் எரிபொருள் செலவு.

டர்போஃபேன் எஞ்சினின் முகப்பில் நமக்குத் தெரிவது அந்த விசிறிதான். அது இழுக்கும் காற்று உள்ளே போனதும் இரண்டாகப் பிரிகிறது. சிறு பங்கு நடுவில் உள்ள கருப்பகுதிக்குள் நுழைகிறது. அங்கே கம்ப்ரசர் அதைப் பல படிகளாக அழுத்துகிறது. எரி அறையில் எரிபொருள் கலந்து எரிகிறது. கொதிக்கும் வாயு டர்பைன்களைச் சுழற்றிவிட்டுப் பின்பக்கமாக வெளியேறுகிறது. முன்னால் உள்ள டர்பைன் கம்ப்ரசரைச் சுழற்றுகிறது. அதற்கும் பின்னால் உள்ள டர்பைன், எஞ்சினின் நடுவே நீளமாக ஓடும் தண்டின் வழியே முகப்பு விசிறியைச் சுழற்றுகிறது. காற்றின் பெரும்பங்கோ எரி அறையின் பக்கமே போவதில்லை. விசிறி தள்ளிய வேகத்தோடு, கருப்பகுதியைச் சுற்றியுள்ள வளைய வழியாகப் போய்ப் பின்னால் வெளியேறிவிடுகிறது. கருப்பகுதிக்குள் போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் எத்தனை கிலோ இப்படிச் சுற்றிப் போகிறது என்பதுதான் பைபாஸ் விகிதம். முதல் 737இல் அது ஏறக்குறைய 1. மேக்ஸில் 9.

பின்னால் பாயும் நெருப்பு வெளிக்காற்றில் மோதி விமானத்தைத் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எஞ்சின் காற்றைப் பின்னோக்கித் தள்ளும்போது, அதே அளவு விசையால் காற்று எஞ்சினை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த விசை விசிறியின் இதழ்களிலும் உள்ளே உள்ள மற்ற பாகங்களிலும் விழுந்து, எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் தாங்கிக்குப் போய்ச் சேர்கிறது. இன்றைய பயணிகள் விமானங்களில் இந்த உந்துவிசையின் பெரும்பகுதியைத் தருவது நெருப்பையே காணாத அந்தக் குளிர்ந்த காற்றுதான். கருப்பகுதியின் முக்கிய வேலை விசிறிக்கு ஆற்றல் கொடுப்பது.

உந்துவிசையின் அளவை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன. ஒரு நொடியில் எத்தனை கிலோ காற்றைத் தள்ளுகிறோம் என்பது ஒன்று. அந்தக் காற்றின் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறோம் என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை. ஆகவே கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளினாலும், நிறையக் காற்றை மெல்லத் தள்ளினாலும் ஒரே உந்துவிசையைப் பெற முடியும். ஆனால் எரிபொருள் கணக்கு இரண்டுக்கும் ஒன்றல்ல. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

எளிய எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். விமானம் நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 860 கிலோமீட்டர். முதல் எஞ்சின் நொடிக்கு 100 கிலோ காற்றை வாங்கி அதன் வேகத்தை 400 மீட்டர் கூட்டுகிறது. இரண்டாவது எஞ்சின் 400 கிலோ காற்றை வாங்கி 100 மீட்டர் மட்டும் கூட்டுகிறது. இரண்டுக்கும் உந்துவிசை 40,000 நியூட்டன். அந்த வேகத்தில் விமானத்தை நகர்த்தத் தேவைப்படும் திறனும் இரண்டிலும் ஒன்றே: 9.6 மெகாவாட். ஆனால் விமானம் கடந்து போன பிறகு, பின்னால் விடப்பட்ட காற்று வீணாகப் பாய்ந்துகொண்டிருக்கிறதே, அதில் போன ஆற்றலும் நம் எரிபொருளிலிருந்து வந்ததுதான். அந்த விரயம் காற்றின் எடையோடு ஒரு மடங்கு உயர்ந்தால், வேகத்தோடு அதன் இருமடி அளவில் உயரும். முதல் எஞ்சினில் விரயம் 8 மெகாவாட். இரண்டாவதில் வெறும் 2. ஆக, ஒரே வேலைக்கு ஒன்று 17.6 மெகாவாட் செலவழிக்கிறது, மற்றது 11.6 மெகாவாட்டில் முடிக்கிறது. பைபாஸ் விகிதத்தைக் கூட்டுவதன் முழுப் பயனும் இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது. காற்று மெல்ல வெளியேறுவதால் இரைச்சலும் வெகுவாகக் குறைகிறது. விமான நிலையத்தின் அருகே குடியிருப்பவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

போர் விமானத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஒலியைவிட வேகமாகப் பறக்க வேண்டுமானால் வெளியேறும் காற்று அதைவிட வேகமாக இருக்க வேண்டும். அகலமான விசிறியோ எதிர்காற்றில் பெரும் சுமை. அதனால்தான் நம் தேஜஸில் இருக்கும் எஃப்404 எஞ்சினின் பைபாஸ் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது.

பயணிகள் விமானத்தில் பருமனுக்குத் தடை போட்டது தரை. 737ஐ வடிவமைத்தபோது, வசதி குறைந்த சிறு விமான நிலையங்களிலும் பெட்டிகளைக் கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும் என்று அதைத் தாழ்வாக அமைத்தார்கள். ஒல்லியான எஞ்சின் இருந்தவரை சிக்கல் இல்லை. 1984இல் வந்த 737-300க்கு, பைபாஸ் விகிதம் சுமார் 5 கொண்ட சிஎஃப்எம்56 எஞ்சினைப் பொருத்த முனைந்தபோது இடம் போதவில்லை. எஞ்சினை இறக்கைக்கு முன்னால் நகர்த்தினார்கள். அடிப்பக்கம் இருந்த பம்புகள் முதலிய துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி, உறையின் அடியைத் தட்டையாக்கினார்கள். அந்த விமானத்தை எதிரே நின்று பார்த்தால் எஞ்சின் வாய் வட்டமாக இருக்காது. கீழே அமுக்கிவிட்டது போலத் தெரியும்.

மேக்ஸுக்கு வந்த லீப் எஞ்சின் இன்னும் பெரியது. அதை மேலும் முன்னே தள்ளி, உயர்த்தி மாட்டி, முன்சக்கரக் காலை 20 சென்டிமீட்டர் நீட்டினார்கள். புதிய இடத்தில் இருந்த அந்தப் பருத்த உறை, விமானம் மூக்கை அதிகம் தூக்கும் நிலைகளில் தானும் மேலெழுப்பு விசையை உண்டாக்கி மூக்கை இன்னும் மேலே தள்ளியது. அதைச் சமன்செய்ய எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அந்த மென்பொருளோ ஒரே ஒரு உணரி சொல்வதை நம்பி இயங்கியது. உணரி தவறாகச் சொன்னபோது விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்தியது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். பெரிய விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு இடமில்லாத விமானத்தில் அதை நுழைத்து, எழுந்த சிக்கலை ஒற்றை உணரியிடம் ஒப்படைத்ததுதான் மன்னிக்க முடியாதது.

போட்டியாளரான ஏர்பஸ் ஏ320 தரையிலிருந்து உயரமாக நிற்பது. அதன் நியோ வகைக்கு வந்த லீப் எஞ்சினின் விசிறி 1.98 மீட்டர், பைபாஸ் விகிதம் 11. பழைய எஞ்சின் கொண்ட ஏ320ஐவிட நியோ சுமார் 15 விழுக்காடு குறைவாக எரிபொருள் குடிக்கிறது. இதில் கருப்பகுதியின் கூடுதல் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. எல்லாப் பெருமையும் விசிறிக்குச் சேராது.

விசிறி பெருக்கும்போது எஞ்சினுக்குள்ளும் ஓர் இழுபறி எழுகிறது. இதழ்களின் நுனி அளவுக்கு மீறி வேகம் கொள்ளாதிருக்கப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல வேண்டும். அதைச் சுழற்றும் டர்பைனோ வேகமாக ஓடினால்தான் நன்றாக வேலை செய்யும். இருவரும் ஒரே தண்டில் கட்டுண்டிருக்கிறார்கள். லீப் எஞ்சினில் டர்பைன் படிகளைக் கூட்டி ஈடுகட்டினார்கள். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் நடுவே ஒரு கியர்பாக்ஸை வைத்து, டர்பைன் ஏறத்தாழ மூன்று சுற்று சுற்றும்போது விசிறி ஒரு சுற்று சுற்றும்படி செய்தது. அதன் விகிதம் 12ஐத் தாண்டியது.

இதற்கு மேல் விசிறியைப் பெரிதாக்கினால் உறையின் எடையும் காற்றுத் தடையும் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். அதனால் சிஎஃப்எம் நிறுவனம் 2021இல் அறிவித்த ரைஸ் திட்டத்தில், வெளி உறையே இல்லாத திறந்த விசிறியைச் சோதிக்கிறார்கள். அது வெற்றி பெற்றாலும் 737இன் இறக்கையின் கீழ் அதற்கு இடம் கிடையாது. அதற்கென்று புதிய விமானம்தான் கட்ட வேண்டும்.