துக்கம் கேட்கப் போகும்போது

துக்க வீட்டுக்குப் போகிறவருக்கு நம் வழக்கமே பாதி வேலையைச் சுலபமாக்கி வைத்திருக்கிறது. அங்கே யாரும் 'வாங்க' என்று வரவேற்பதில்லை. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லவும் கூடாது. மாலை போட்டு, கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரலாம். பேசித்தான் ஆகவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் சும்மா உட்கார நமக்குத்தான் முடிவதில்லை.

நண்பருக்கு 68 வயது, கல்யாணமாகி 40 வருடம், மனைவி மாரடைப்பில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது 'எப்படி ஆச்சு?' என்பதைத்தான். ராத்திரி நெஞ்சு வலி, ஆட்டோ, ஆஸ்பத்திரி என்று சாயங்காலத்துக்குள் அதே கதையை எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். நெருங்கிய நண்பர் விவரத்தை வாசலில் நிற்கும் மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, 'புண்ணியவதி, பூவும் பொட்டுமாப் போய்ச் சேர்ந்தா' என்பது. போனவரைப் பெருமைப்படுத்தத்தான் சொல்கிறார்கள். ஆனால் தான் பின்தங்கிப் போனதே அவளுக்குக் கிடைத்த பேறு என்பதுபோல் அது கணவர் காதில் விழும். செத்தது கணவராக இருந்தால் இந்த வார்த்தையின் மறுபக்கம் இன்னும் கொடுமை. அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லும் உறவுகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 'படாம கொள்ளாம போயிட்டா', 'இனி உன் உடம்பைப் பார்த்துக்கோ' என்பவையும் முதல் நாளுக்கு உரியவை அல்ல. துக்கத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கும் அவசரம் அவற்றில் தெரிகிறது.

அன்றைக்கு இரண்டு வாக்கியம் போதும். ஒன்று, 'என்ன சொல்றதுன்னே தெரியலைடா.' அது உண்மை, அதனால் உறுத்தாது. மற்றொன்று போனவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒன்று: 'என் பொண்ணு கல்யாணத்துல கடைசிப் பந்தி வரைக்கும் தங்கச்சிதான் நின்னு பார்த்துக்கிச்சு.' நல்லவர், வல்லவர் என்று பொதுவாகப் புகழ்வதில் அந்தப் பெண் இருக்கமாட்டார், இதில் இருக்கிறார். நண்பர் அழுதுவிட்டால் நாம் அழவைத்துவிட்டோம் என்று பதற வேண்டாம். பேச்சை மாற்றாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

உண்மையான வேலை பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வருகிறது. 'எது வேணும்னாலும் கூப்பிடு' என்றால் கூப்பிடமாட்டார். என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் அவர் தலையில் வைத்துவிடுகிறோம். 'வியாழக்கிழமை பத்து மணிக்கு வரேன், இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போயிட்டு வந்துடலாம்' என்றால் தலையாட்டினால் போதும். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, பிரஷர் மாத்திரை எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். இத்தனை வருடமும் அதை எடுத்துக் கையில் கொடுத்தது மனைவியாகவே இருந்திருக்கும். 55 வயதைத் தாண்டிய 4,486 பேரை, மனைவியை இழந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 1969-இல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்தவர்களைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் நண்பர் தயங்கித் தயங்கி, 'நேத்து அடுப்படியிலேருந்து என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு' என்று சொல்லலாம். 'அதெல்லாம் பிரமை' என்றோ, 'கோயிலுக்குப் போய் மந்திரிச்சுக்கோ' என்றோ சொல்லி மூடிவிடக் கூடாது. வேல்ஸ் பகுதியில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி, 1971-இல் எழுதினார். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஆகவே, 'என்னன்னு கூப்பிட்டுச்சு?' என்று கேளுங்கள். 40 வருடம் அந்த வீட்டுக்குள் மட்டும் புழங்கிய ஒரு பெயர் வெளியே வரும். பிறகு அவரே பேசுவார்.

ஒரே ஒரு பேச்சை மட்டும் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 'நானும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது' என்று பலரும் அலுப்பில் சொல்வதுதான். என்றாலும், 'சாகணும்னு தோணுதாடா? ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைச்சியா?' என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றிரவு அவரைத் தனியாக விடாமல், பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவர் பக்கத்தில் இருந்தபடியே அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.