கடிகாரம் பின்னால் போனால் எண் என்ன ஆகும்?

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘டிசைன் ரவுண்டு’ என்று ஒரு சுற்று உண்டு. அதில் அடிக்கடி வரும் கேள்வி இது: “ஆர்டர்கள் பல சர்வர்களில் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். ஒரே எண் இரண்டு ஆர்டருக்குப் போகவே கூடாது. எப்படிச் செய்வீர்கள்?”

முதலில் தோன்றுவது வங்கியில் டோக்கன் கொடுப்பதுபோல வரிசையாக எண் தருவது. டோக்கன் தரும் இடம் ஒன்றுதான் என்பதே இதன் பலம், பலவீனம் இரண்டும். அந்த ஒரு டேட்டாபேஸ் படுத்துவிட்டால் எல்லா ஆர்டரும் நின்றுவிடும். ஃப்ளிக்கர் நிறுவனம் இதற்கு எளிமையான வழி கண்டது. இரண்டு மைஎஸ்க்யூஎல் சர்வர்களை வைத்து, ஒன்றை ஒற்றைப்படை எண்களும் மற்றதை இரட்டைப்படை எண்களும் தரச் செய்தார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். ஆனால் வரிசை எண் ரகசியம் காக்காது. போட்டிக் கடைக்காரர் இன்று ஓர் ஆர்டரும் ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் போட்டு, இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால் உங்கள் வார வியாபாரம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

யாரையும் கேட்காமல் ஒவ்வொரு சர்வரும் தானே எண்ணைக் குலுக்கி எடுத்தால்? யூயூஐடி நான்காம் வகை அப்படித்தான். 128 பிட்களில் 122 பிட்கள் குலுக்கலில் வருபவை. குலுக்கல் நேர்மையாக இருக்கும்வரை மோதலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, வரிகளை முதன்மைச் சாவியின் வரிசையிலேயே அடுக்கி வைக்கும். குலுக்கல் எண் வந்தால் ஒவ்வொரு புதிய வரியும் அட்டவணையின் ஏதோ ஒரு மூலையில் நுழைய வேண்டும். நிரம்பிய பக்கங்கள் பிளக்கும். அட்டவணை நினைவகத்தைவிடப் பெரிதானதும் எழுதும் வேகம் சரியும். பத்தாயிரம் வரிகளில் இது தெரியாது, பத்துக் கோடியில் தெரியும்.

நேரத்தை எண்ணுக்குள்ளேயே வைப்பது மூன்றாவது வழி. ட்விட்டர் 2010இல் ஸ்னோஃப்ளேக் என்ற முறையைக் கொண்டுவந்தது. மொத்தம் 64 பிட்கள். முதல் பிட்டை விட்டுவிடுவார்கள். அடுத்த 41 பிட்களில், தாங்கள் குறித்துக்கொண்ட ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை மில்லிநொடிகள் கழிந்தன என்பது இருக்கும். அது சுமார் 69 ஆண்டுகளுக்குத் தாங்கும். பிறகு 10 பிட்களில் சர்வரின் எண். கடைசி 12 பிட்களில், அதே மில்லிநொடிக்குள் 0 முதல் 4095 வரை ஓடும் உள்வரிசை.

ஓர் எண்ணைச் செய்து பார்ப்போம். தொடக்கத்திலிருந்து 1000 மில்லிநொடி ஆகியிருக்கிறது, சர்வர் எண் 5, உள்வரிசை 3 என்று வைத்துக்கொள்வோம்.

```
1000 × 4194304 + 5 × 4096 + 3 = 4194324483
```

நேரம் இடது பக்கம் இருப்பதால் பின்னால் வருவது பெரும்பாலும் பெரிய எண்ணாகவே இருக்கும், அட்டவணையின் கடைசியில் போய்ச் சேரும். ‘பெரும்பாலும்’ என்பதைக் கவனியுங்கள். இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் சில மில்லிநொடிகள் முன்பின்னாக இருந்தால் வரிசையும் அந்த அளவுக்குப் பிசகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது கடிகாரம் பின்னால் போவது. சர்வர்கள் அவ்வப்போது நேரச் சேவையிடம் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். நம் சர்வர் 1000ஆம் மில்லிநொடியில் நான்கு எண்கள் கொடுத்தபின், திருத்தத்தில் 998க்குப் போய்விட்டது என்று கொள்வோம். மறுபடி 1000 வரும்போது உள்வரிசை 0இலிருந்து தொடங்கும்; ஏற்கெனவே கொடுத்த 4194324480 இன்னொரு ஆர்டருக்கும் போகும். இரண்டும் ஒரே டேட்டாபேஸில் விழுந்தால் அது பிழை சொல்லி மறுக்கும். ஆர்டர்களைப் பல டேட்டாபேஸ்களில் பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டுமே சரிபார்க்கும், யாரும் கத்தமாட்டார்கள். மாதக் கடைசியில் கணக்குக்காக ஒன்றுசேர்க்கும்போதுதான் இரட்டை வெளிப்படும்.

ஸ்னோஃப்ளேக் இதற்குச் செய்வது எளிது: கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை நினைவில் வைத்து, கடிகாரம் அதைவிடக் குறைவாகக் காட்டினால், அதை எட்டும்வரை எண் தர மறுக்கும். அந்த நினைவு நிரலை நிறுத்தித் தொடங்கினால் அழிந்துவிடும். ஆகவே அந்த நேரத்தை வட்டிலும் எழுதிவைப்பது நல்லது. சர்வர் எண் 5ஐ இரண்டு இயந்திரங்கள் வைத்திருந்தாலும் இதே விபத்துதான். படிமத்தை நகலெடுத்துப் புதுச் சர்வர் எழுப்பும் இடங்களில் இது சுலபமாக நேரும். ட்விட்டர் சர்வர் எண் வழங்கும் வேலையை ஸூகீப்பரிடம் விட்டது. சர்வர்கள் ஒன்றையொன்று கேட்பதைத் தவிர்க்கத்தான் இந்த முறை வந்தது. ஆனாலும் தொடக்கத்தில் ஒருமுறை யாரையாவது கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு 2024இல் தரமாக வந்த யூயூஐடி ஏழாம் வகை இருக்கிறது. முதல் 48 பிட்கள் மில்லிநொடி நேரம், மீதி பெரும்பாலும் குலுக்கல். சர்வர் எண் தேவையில்லை. 128 பிட் இடத்தைக் கொடுக்க மனமிருந்தால் நான் இதையே எடுப்பேன். 64 பிட்டுக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றால் ஸ்னோஃப்ளேக். கடவுச்சொல் மாற்றும் இணைப்புக்கு இவ்விரண்டும் வேண்டாம். அங்கே நேரம் தெரிந்தாலே ஊகிப்பவருக்குப் பாதி வேலை குறையும், முழுக் குலுக்கல்தான் சரி.

64 பிட் எடுப்பவர்கள் உலாவியையும் யோசிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 53 பிட்டுக்கு மேற்பட்ட முழு எண்களைத் துல்லியமாகப் பிடிக்காது, கடைசி இலக்கங்களை உருட்டிவிடும். ட்விட்டர் அதனால்தான் ஒவ்வோர் எண்ணோடும் அதையே எழுத்துச்சரமாக `id_str` என்ற பெயரில் சேர்த்து அனுப்பியது.