பிக்கிள்பால்: வேகத்துக்கு வேலி போடும் விதிகள்

பிக்கிள்பால் கற்றுக்கொள்ள வருபவரின் காதில் முதலில் விழுவது தடைகள்தான். சர்வீஸைக் கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும். நெட்டை ஒட்டிய ஏழு அடிக்குள் நின்றுகொண்டு, பந்து தரையில் படுவதற்கு முன் அடிக்கக் கூடாது. ராலியை ஜெயித்தாலும், சர்வீஸ் உங்கள் பக்கம் இல்லையென்றால் பாயிண்ட் கிடையாது. இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்பவர்கள் பாதி ஆட்டத்திலேயே குழம்பிவிடுகிறார்கள். உண்மையில் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உயரமோ தோள்பலமோ உள்ளவர் முதல் ஓரிரு அடிகளிலேயே ராலியை முடித்துவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் காரணம் பிடிபட்டால் விதிகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவர் தங்கள் குடும்பத்தார் பெரியவர் சிறியவர் எல்லோரும் சேர்ந்து ஆடுவதற்காக உருவாக்கிய ஆட்டம் இது. ஆடிய இடம் ஒரு பேட்மின்டன் கோர்ட். அதனால்தான் இன்றும் பிக்கிள்பால் கோர்ட்டின் அளவு பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அளவேதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். நெட்டை மட்டும் இறக்கிவிட்டார்கள். ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். கையில் பேடில், பந்து துளைகள் போட்ட பிளாஸ்டிக். இவ்வளவு தாழ்ந்த நெட்டை வைத்துவிட்டு, இவ்வளவு சிறிய கோர்ட்டில் மேலிருந்து சர்வீஸ் போடவும் நெட்டருகில் நின்று ஸ்மாஷ் அடிக்கவும் விட்டால், முழு பலத்தோடு அடிப்பவருக்குப் பதில் சொல்ல எதிரே நிற்பவருக்கு நேரமே இருக்காது. தடைகள் தேவைப்பட்டது அதனால்தான்.

முதல் தடை சர்வீஸில். பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் படுமுன் அடிப்பதாக இருந்தால் மூன்று நிபந்தனைகள் உண்டு: கை கீழிருந்து மேலாக வளைந்து வர வேண்டும், பந்தைத் தொடும் இடம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், அந்தக் கணத்தில் பேடிலின் தலைப்பகுதி மணிக்கட்டுக்கு மேலே போகக் கூடாது. இது கடினமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பந்தைக் கையிலிருந்து சும்மா கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும்பிய பின் அடிக்கலாம். அப்போது மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளும் பொருந்தாது. பந்தைத் தரையில் ஓங்கிப் போடவோ மேலே தூக்கிப் போடவோ மட்டும் கூடாது. புதியவர்களுக்கு இந்த இரண்டாவது முறையையே நான் பரிந்துரைப்பேன். எந்த முறையானாலும், அடிக்கும் கணத்தில் குறைந்தது ஒரு பாதம் பின்கோட்டுக்கு வெளியே தரையில் இருக்க வேண்டும். எந்தப் பாதமும் கோட்டையோ கோர்ட்டையோ தொடக் கூடாது. பந்து குறுக்காகச் சென்று எதிர்ப்பக்க சர்வீஸ் கட்டத்தில் விழ வேண்டும். ஏழு அடிக் கோட்டின் மேல் விழுந்தாலும் தவறு. கட்டத்தின் மற்றக் கோடுகள் மேல் விழுந்தால் சரி. நெட்டில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். மறு சர்வீஸ் கிடையாது.

இப்படிக் கட்டிப்போட்டால் சர்வீஸ் வெறும் சடங்காகிவிடாதா என்று டென்னிஸ் ஆடியவர்கள் கேட்பார்கள். சர்வீஸ் ராலியைத் தொடங்கி வைக்கட்டும், முடித்து வைக்க வேண்டாம் என்பதே விதி வகுத்தவர்களின் எண்ணம். அதற்கு அண்மைக்காலச் சான்றும் இருக்கிறது. 2021-ல் ஸேன் நவ்ராட்டில் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர், பந்தைப் பேடிலில் உரசிச் சுழலவிட்டு சர்வீஸ் போடத் தொடங்கினார். தரையில் பட்டதும் பந்து எங்கே திரும்பும் என்று எதிரே நிற்பவர்களால் கணிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே பேடிலால் முன்கூட்டிச் சுழற்றுவது தடைசெய்யப்பட்டது. 2023-ல் விரல்களால் சுழற்றிவிடுவதும் தடையானது. ஆனாலும் நல்ல சர்வீஸுக்கு மதிப்பு குறையவில்லை. பின்கோட்டுக்கு அருகே ஆழமாக விழும் சர்வீஸ், திருப்பி அடிப்பவரைப் பின்னாலேயே நிறுத்திவைக்கும். அங்கிருந்து ஏழு அடிக் கோட்டுக்கு அவர் 15 அடி ஓடி வந்தாக வேண்டும்.

அந்தக் கோட்டுக்கு வர எல்லோரும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதற்கு இரண்டு முறை தரைபடும் விதி விடை தருகிறது. சர்வீஸ் ஒரு முறை தரையில் பட்ட பின்புதான் எதிரணி அடிக்கலாம். அந்தப் பதில் அடியும் ஒரு முறை தரையில் பட்ட பின்புதான் சர்வீஸ் போட்ட அணி அடிக்கலாம். அதற்குப் பிறகே இரு தரப்பும் வாலி அடிக்க, அதாவது பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்க உரிமை பெறும். விளைவைக் கவனியுங்கள். சர்வீஸ் போட்டவர்கள் பந்து தரையில் படுவதற்காகப் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். திருப்பி அடித்தவர்களோ நேரே முன்னால் வந்துவிடலாம். டென்னிஸில் சர்வீஸ் போடுபவருக்குக் கிடைக்கும் சாதகம் இங்கே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஸ்கோர் முறையைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, ஆட்டக்காரர்கள் கிச்சன் என்று அழைக்கும் வாலி தடைப் பகுதி. நெட்டின் இரு பக்கமும் ஏழு அடி. எல்லைக் கோடுகளும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவையே. புதியவர்கள் இதை நுழையக் கூடாத இடம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, நெட்டருகே மெதுவாக விழும் பந்துகளை எட்ட நின்று விட்டுவிடுகிறார்கள். நுழையலாம், நிற்கலாம், தரையில் பட்டு எழும் பந்தை அடிக்கலாம். அங்கே நின்றபடி வாலி அடிப்பது ஒன்றுதான் தடை. ஆனால் அந்த ஒன்று மிகக் கண்டிப்பானது. கோட்டுக்கு ஓர் அடி பின்னால் நிற்கும் ஒருவர் உயர்ந்து வந்த பந்தை ஸ்மாஷ் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து எதிர்ப்பக்கத்தில் இரண்டு முறை தரையில் பட்டுவிட்டது; ராலி முடிந்தது. அதன் பிறகு, அடித்த வேகத்தில் அவர் தடுமாறி முன்னால் வந்து கோட்டை மிதிக்கிறார். அது ஃபால்ட், ராலி எதிரணிக்கு. அந்த வேகத்தில் அவருடைய தொப்பி உள்ளே விழுந்தாலும் அதே முடிவுதான். உள்ளே நின்றிருந்தவர் எகிறிக் குதித்து, காற்றில் வாலி அடித்து, வெளியே கால் ஊன்றினாலும் ஃபால்ட். இரண்டு பாதங்களும் முதலில் வெளியே தரையைத் தொட்டிருக்க வேண்டும். மறுபுறம், தடை தரைக்குத்தானே தவிர மேலுள்ள காற்றுக்கு இல்லை. வெளியே கால் ஊன்றிக்கொண்டு பேடிலை உள்ளே நீட்டி வாலி அடிப்பது முற்றிலும் சரி.

பந்து செத்த பிறகு நடந்ததற்குத் தண்டனையா என்ற ஆட்சேபம் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் தடையே இருக்காது. ஓடி வந்த வேகத்தோடு நெட் வரை பாய்ந்து அடித்துவிட்டு, அடித்தபோது கால் காற்றில்தான் இருந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். இந்த விதி ஆட்டக்காரரைத் தன் உடலைக் கட்டுக்குள் வைத்து அடிக்கச் சொல்கிறது. அதன் பலனும் கண்கூடு. நான்கு பேரும் தத்தம் கோட்டருகே நின்றால் இரு தரப்புக்கும் இடையே 14 அடி. உயரமாக எழாமல் கிச்சனுக்குள் மெல்ல விழும் பந்தை யாராலும் கீழ்நோக்கி அறைய முடியாது. நெட்டைத் தாண்ட வேண்டுமானால் மேல்நோக்கித்தான் அடித்தாக வேண்டும். டிங்க் எனப்படும் இந்த மெல்லிய அடிகளை மாறி மாறிப் போட்டு, எதிரணி சற்றே உயரத் தூக்கிக் கொடுக்கும் பந்துக்குக் காத்திருக்கும் பொறுமைதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பது என் எண்ணம்.

மிச்சமிருப்பது ஸ்கோர். வழக்கமான ஆட்டம் 11 பாயிண்ட். இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே பாயிண்ட். டபுள்ஸில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: தன் அணியின் பாயிண்ட், எதிரணியின் பாயிண்ட், சர்வீஸ் போடுபவர் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ஒரு தொடக்கத்தைப் பார்ப்போம். கிழக்கே அ, ஆ. மேற்கே இ, ஈ. அவரவர் கோர்ட்டில் அ-வும் இ-யும் வலப்பக்கம். முதல் சர்வீஸ் அ-வுக்கு; அவர் சொல்வது 0-0-2. ஆட்டத்தின் முதல் முறை மட்டும் ஓர் அணிக்கு ஒரு சர்வீஸ் ஆளே உண்டு என்பதால், அவர் தொடக்கத்திலேயே இரண்டாமவர். கிழக்கு அந்த ராலியைத் தோற்கிறது. யாருக்கும் பாயிண்ட் இல்லை. சர்வீஸ் மேற்கே போகிறது. வலப்பக்கம் நிற்கும் இ தொடங்குகிறார்: 0-0-1. ஜெயிக்கிறார், 1-0-1. இ இடப்பக்கம் மாற, ஈ வலப்பக்கம் வருகிறார். எதிரணி இடம் மாறுவதில்லை. அடுத்த ராலியை மேற்கு தோற்கிறது. பாயிண்ட் மாறாது, ஈ நிற்கும் இடத்திலிருந்தே போடுகிறார்: 1-0-2. ஜெயித்தால் 2-0-2, இருவரும் மறுபடி இடம் மாறுவார்கள். அதன் பின் தோற்றால் சர்வீஸ் கிழக்கே திரும்பும்: 0-2-1. குழப்பம் வந்தால் ஒரு சரிபார்ப்பு உண்டு. அணியின் பாயிண்ட் இரட்டைப்படையாக இருக்கும்போது, ஆட்டத் தொடக்கத்தில் வலப்பக்கம் நின்றவர் வலப்பக்கமே இருப்பார். சிங்கிள்ஸில் மூன்றாவது எண் இல்லை. உங்கள் பாயிண்ட் இரட்டைப்படை என்றால் வலப்பக்கத்திலிருந்தும், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கத்திலிருந்தும் சர்வீஸ்.

ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பாயிண்ட் என்று வைத்தால் சுலபமாக முடிந்துவிடுமே என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் மேஜர் லீக் பிக்கிள்பால் தன் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் ஆடியது. ஆட்டம் எவ்வளவு நேரத்தில் முடியும் என்று ஓரளவு கணிக்கலாம் என்பது அதன் பலம். காத்திருப்போர் நிறைந்த கோர்ட்டில் அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் முன்பு பார்த்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை தரைபடும் விதியால் சர்வீஸ் போடும் அணி பின்தங்கித்தான் ராலியைத் தொடங்குகிறது. ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட் என்றால், அந்தப் பாதகமான நிலையிலிருந்து தோற்பதற்கு அவர்கள் உடனே விலை கொடுக்க வேண்டும். பழைய முறையில் சர்வீஸ் போடும் அணி தோற்றாலும் பாயிண்ட் இழப்பதில்லை. ஜெயித்தால் மட்டும் பெறுகிறது. மற்ற விதிகள் பறித்த சாதகத்தை ஸ்கோர் முறை இப்படி ஈடுகட்டுகிறது. மூன்று எண்கள் பழக ஓரிரு ஆட்டங்கள் பிடிக்கும் என்றாலும், புதியவர்கள் பழைய முறையிலேயே தொடங்குவது நல்லது என்பது என் முடிவு.

நண்பர்களோடு ஆடும் ஆட்டங்களில் நடுவர் இருக்கமாட்டார். உங்கள் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியது நீங்கள்; உறுதியாகத் தெரியாவிட்டால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். கிச்சன் கோட்டில் எதிராளியின் கால் பட்டதாகத் தோன்றினால் நீங்களும் சொல்லலாம்; அவர் மறுத்தால் அந்த ராலியை மறுபடி ஆட வேண்டும். உங்கள் கால் பட்டிருந்தால், எதிரணி கவனிக்காவிட்டாலும் ஃபால்ட் என்று நீங்களே உடனே சொல்லிவிடுங்கள். விதியும் அதைத்தான் கேட்கிறது.